நாலாவது எபாக்குக்குப் பிறகு மாடல் எதைக் கற்கிறது?

டிரெயினிங் லாஸ் இறங்கிக்கொண்டே போகிறது. வேலிடேஷன் லாஸ் கொஞ்ச தூரம் அதோடு சேர்ந்து இறங்கி, ஓர் இடத்தில் தயங்கி, பிறகு ஏற ஆரம்பிக்கிறது. மெஷின் லேர்னிங் படிக்கத் தொடங்கிய யாரும் முதல் சில வாரங்களிலேயே பார்த்துவிடும் படம் இது. "ஏன் ஏறுது?" என்று கேட்டால் "மாடல் மனப்பாடம் பண்ணிடுச்சு, ஓவர்ஃபிட் ஆகிடுச்சு" என்று பதில் வரும். பதில் தப்பில்லை. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் உண்மையான கேள்விகள் அப்படியே கிடக்கும். முதல் மூன்று எபாக்கில் ஒழுங்காகக் கற்ற மாடல், நாலாவதிலிருந்து ஏன் மனப்பாடத்தில் இறங்க வேண்டும்? எதை மனப்பாடம் செய்கிறது? வேலிடேஷன் லாஸ் இரண்டு மடங்குக்கு மேல் ஏறிய பிறகும் அக்யூரசி ஏன் ஓரிரண்டு சதவீதம் மட்டுமே குறைகிறது?

கடைசிக் கேள்விதான் என்னிடம் அதிகம் வருவது. "லாஸ் ஏறுது, அக்யூரசி அப்படியே இருக்கு, இதை ஓவர்ஃபிட்னு சொல்லலாமா கூடாதா?" என்று ஜூனியர்கள் கேட்கிறார்கள். என் குறிப்பேட்டில் இதற்கென்று எழுதி வைத்திருப்பதை இங்கே விரித்து எழுதுகிறேன். பொதுவாகப் பேசினால் இது பிடிபடாது. ஒரே ஒரு மாடலை, ஒரே ஒரு டேட்டாவை எடுத்துக்கொண்டு அந்த இரண்டு கோடுகளோடு நடந்து பார்ப்போம்.

நான் எடுத்துக்கொள்வது ஐ.எம்.டி.பி. சினிமா விமர்சன டேட்டா. ஸ்டான்ஃபோர்டில் ஆண்ட்ரூ மாஸ் குழுவினர் 2011இல் வெளியிட்டது. மொத்தம் 50,000 விமர்சனங்கள், எல்லாம் ஆங்கிலத்தில். 25,000 பயிற்சிக்கு, 25,000 சோதனைக்கு. பத்துக்கு 7 அல்லது அதற்கு மேல் மதிப்பெண் போட்டிருந்தால் பாராட்டு, 4 அல்லது அதற்குக் கீழே என்றால் திட்டு. நடுவில் இருப்பவற்றை விட்டுவிட்டார்கள். இரண்டு வகையும் சரிபாதி. கெராஸ் நூலகத்தை எழுதிய பிரான்சுவா ஷொலே தன் புத்தகத்தில் இதே டேட்டாவை வைத்துத்தான் ஓவர்ஃபிட்டைக் காட்டுகிறார். நானும் அவருடைய அமைப்பையே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நீங்களே ஐந்து நிமிடத்தில் ஓட்டிப் பார்த்துவிடலாம்.

அடிக்கடி வரும் 10,000 சொற்களை மட்டும் வைத்துக்கொள்கிறோம். ஒவ்வொரு விமர்சனமும் 10,000 இடங்கள் கொண்ட ஒரு பட்டியலாகிறது. அந்தச் சொல் விமர்சனத்தில் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. எந்தச் சொல் முன்னே வந்தது, எது பின்னே வந்தது என்பதெல்லாம் போய்விடும். பயிற்சிக்கான 25,000இல் 10,000ஐ வேலிடேஷனுக்கு ஒதுக்குகிறோம், மீதி 15,000. மாடல் இவ்வளவுதான்:

```python
model = keras.Sequential([
    layers.Dense(16, activation="relu"),
    layers.Dense(16, activation="relu"),
    layers.Dense(1, activation="sigmoid"),
])
model.compile(optimizer="rmsprop",
              loss="binary_crossentropy",
              metrics=["accuracy"])
h = model.fit(x_train, y_train, epochs=20, batch_size=512,
              validation_data=(x_val, y_val))
```

பார்க்கச் சின்னதாகத்தான் இருக்கிறது. வெயிட்டுகளை எண்ணிப் பாருங்கள். முதல் அடுக்கில் மட்டும் 10,000 × 16, அதோடு 16, ஆக 160,016. இரண்டாவதில் 272, மூன்றாவதில் 17. மொத்தம் 160,305. விமர்சனங்களோ 15,000. ஒரு விமர்சனத்துக்குப் பத்துக்கும் மேற்பட்ட வெயிட்டுகள். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஓட்டினால் கிடைக்கும் கோடுகள் ஏறக்குறைய இப்படி இருக்கும். எண்கள் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறும், வடிவம் மாறாது. முதல் எபாக் முடியும்போது டிரெயினிங் லாஸ் 0.5 பக்கம், வேலிடேஷன் லாஸ் 0.4க்குச் சற்றுக் கீழே. மூன்று நான்கு எபாக்குக்குள் வேலிடேஷன் லாஸ் 0.28 அருகே வந்து அடி தொடுகிறது. அங்கிருந்து ஏற ஆரம்பித்து இருபதாவது எபாக்கில் 0.7ஐ நெருங்கிவிடுகிறது. டிரெயினிங் லாஸ் இதைப் பற்றிய கவலையே இல்லாமல் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்கிறது. டிரெயினிங் அக்யூரசி கிட்டத்தட்ட 100 சதவீதம். வேலிடேஷன் அக்யூரசி 88, 89 வரை போய்ப் பிறகு 86, 87 என்று மெல்லத் தேய்கிறது.

இங்கே ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போகிறேன். முதல் எபாக்கில் வேலிடேஷன் லாஸ் டிரெயினிங் லாஸை விடக் குறைவாக இருப்பதைப் பார்த்துப் பலர் குழம்புவார்கள். பார்க்காத டேட்டாவில் எப்படி இன்னும் நன்றாகச் செய்யும்? காரணம் அளக்கும் நேரம். 15,000ஐ 512 ஆகப் பிரித்தால் ஒரு எபாக்குக்கு 30 படிகள். டிரெயினிங் லாஸ் என்று கெராஸ் காட்டுவது அந்த 30 படிகளின் சராசரி. ஒன்றும் தெரியாத முதல் படியின் லாஸும் அதில் சேர்ந்திருக்கிறது. வேலிடேஷன் லாஸோ எபாக் முடிந்த பிறகு, முப்பது படியும் கற்று முடித்த மாடலை வைத்து எடுப்பது. அவ்வளவுதான். டிராப்அவுட் போட்டிருந்தால் இன்னொரு காரணமும் சேரும்: பயிற்சியின்போது மட்டும் நியூரான்களில் ஒரு பகுதி அணைந்திருக்கும்.

இனி முதல் கேள்விக்கு வருவோம். நாலாவது எபாக்கில் என்ன மாறுகிறது?

கோடிங்கில் எதுவும் மாறுவதில்லை. அதே மாடல், அதே ஆப்டிமைசர், அதே 15,000 விமர்சனங்கள். மாறுவது, மாடலை யார் தள்ளுகிறார்கள் என்பது. இந்த லாஸுக்கும் சிக்மாய்டுக்கும் ஓர் எளிமையான உறவு உண்டு: ஒரு விமர்சனம் மாடலின் கடைசி மதிப்பைத் தள்ளும் அளவு, `p - y`. `p` என்பது "இது பாராட்டு" என்று மாடல் தரும் நிகழ்தகவு. `y` உண்மையான விடை, 1 அல்லது 0. தவறு பெரிதாக இருந்தால் தள்ளல் பெரிது, சின்னதாக இருந்தால் சின்னது.

ஆரம்பத்தில் மாடலுக்கு எதுவும் தெரியாது. எல்லா விமர்சனத்துக்கும் `p` சுமார் 0.5. ஆகவே 15,000 பேரும் சமமாக, தலா 0.5 அளவுக்குத் தள்ளுகிறார்கள். ஆயிரக்கணக்கான திட்டு விமர்சனங்களில் waste, boring, awful போன்ற சொற்கள் வருகின்றன. பாராட்டுகளில் excellent, wonderful வருகின்றன. இவர்கள் எல்லாரும் ஒரே திசையில் தள்ளுவதால் அந்தத் திசைதான் ஜெயிக்கிறது. அந்தச் சொற்கள் வேலிடேஷனில் இருக்கும் 10,000 விமர்சனங்களிலும் அதே அர்த்தத்தில்தான் வருகின்றன. அதனால் இரண்டு கோடும் கைகோத்துக்கொண்டு இறங்குகின்றன.

மூன்று நான்கு எபாக் கழித்து நிலைமை வேறு. உதாரணத்துக்கு நூறு பயிற்சி விமர்சனங்களை எடுத்துக்கொள்வோம். அவற்றில் 95ஐ மாடல் நன்றாகப் பிடித்துவிட்டது, சரியான விடைக்கு 0.95 கொடுக்கிறது என்று வையுங்கள். மீதி ஐந்துக்குச் சரியான விடைக்கு வெறும் 0.2தான் கொடுக்கிறது. அந்த 95 பேரும் சேர்ந்து தள்ளுவது 95 × 0.05, அதாவது 4.75. இந்த ஐந்து பேர் மட்டும் தள்ளுவது 5 × 0.8, அதாவது 4. ஐந்து விமர்சனங்களின் குரல் தொண்ணூற்றைந்தின் குரலுக்குக் கிட்டத்தட்டச் சமமாகிவிட்டது.

யார் அந்த ஐந்து பேர்? முழுக்கத் திட்டுகிற சொற்களை அடுக்கிவிட்டு, கடைசியில் "இருந்தாலும் எனக்குப் பிடித்திருந்தது" என்று 8 மதிப்பெண் போட்டவர். முழுக் கட்டுரையிலும் கதைச் சுருக்கத்தை மட்டும் சொல்லிவிட்டு 3 போட்டவர். கேலியாகப் பாராட்டியவர். சொற்களின் வரிசையை நாம்தான் தூக்கி எறிந்துவிட்டோமே. இவர்களைச் சரியாகப் புரிந்துகொள்ள மாடலுக்கு நேர்மையான வழியே கிடையாது. ஆனால் லாஸ் அவர்களையும் சரியாகச் சொல்லச் சொல்லி நெருக்குகிறது. எப்படியாவது அந்த விமர்சனத்தைப் பாராட்டுப் பக்கம் தள்ள வேண்டும். அதற்கு மாடல் எதைப் பிடித்துக்கொள்ளும்? waste என்ற சொல்லின் வெயிட்டை மாற்ற முடியாது. மாற்றினால் ஆயிரம் பேர் உடனே எதிர்ப்பக்கம் தள்ளுவார்கள். யாரும் எதிர்க்காத சொற்கள்தான் வழி. ஒரு துணை நடிகரின் பெயர், ஓர் ஊரின் பெயர், எங்கோ அபூர்வமாக வரும் ஒரு வினைச்சொல். அவற்றின் வெயிட்டை ஏற்றினால் தடுக்க ஆள் இல்லை.

அபூர்வமான சொற்கள் என்றால் எத்தனை இருக்கும், அவற்றால் எவ்வளவு கெடுதல் வரும் என்று கேட்கலாம். இதைக் கையாலேயே கணக்குப் போடலாம், எனக்கு மிகவும் பிடித்த கணக்கு. விமர்சகரின் விருப்பு வெறுப்புக்குச் சம்பந்தமே இல்லாத 1,000 சொற்களை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் பயிற்சி டேட்டாவில் 20 விமர்சனங்களில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சம்பந்தம் இல்லாததால், அது பாராட்டில் வருவதும் திட்டில் வருவதும் நாணயம் சுண்டுவது மாதிரி. இருபது தடவை சுண்டினால் எப்போதும் 10-10 என்று வராது. ஒரு பக்கம் 15 அல்லது அதற்கு மேல் விழும் வாய்ப்பு சுமார் 4 சதவீதம். ஆக ஆயிரத்தில் சுமார் 41 சொற்கள் வெறும் தற்செயலாகவே 15-5 அல்லது அதைவிட ஒருபக்கச் சாய்வோடு மாடலின் கண்ணில் படும். மாடலைப் பொறுத்தவரை அவை "பாராட்டைக் காட்டும் சொல்", "திட்டைக் காட்டும் சொல்". பத்தாயிரம் சொல் கொண்ட பட்டியலில் இப்படிப்பட்டவை எத்தனை சேரும் என்று நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் முதல் அடுக்கில் பதினாறு வெயிட் வேறு காத்திருக்கிறது.

இந்தத் தற்செயல் 15,000 விமர்சனங்களுக்குள் உண்மை. அதை நம்பி எடுக்கும் ஒவ்வொரு அடியும் டிரெயினிங் லாஸை நிஜமாகவே குறைக்கும். வேலிடேஷன் விமர்சனங்களில் அதே சொற்கள் மறுபடி நாணயம் சுண்டிய மாதிரி 10-10 பக்கம் திரும்பிவிடும். அங்கே அந்த வெயிட்டுகள் பாதித் தடவை சரியான பக்கமும் பாதித் தடவை தப்பான பக்கமும் தள்ளும். உதவாது என்பதோடு விடவில்லை; சரியாக வந்துகொண்டிருந்த கணிப்பையும் ஆட்டிவிடும். முதல் மூன்று எபாக்கிலும் இந்த வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அப்போது பொதுவான சொற்களால் கிடைத்த லாபம் மிகப் பெரிது, இந்த நஷ்டம் அதற்குள் மறைந்துவிட்டது. லாபம் தீர்ந்துபோய் நஷ்டம் மட்டும் தொடரும் இடத்தில் வேலிடேஷன் கோடு திரும்புகிறது. திரும்பும் புள்ளியில் புதிதாக எதுவும் தொடங்குவதில்லை.

நம்பிக்கை வரவில்லை என்றால் ஒரு சோதனை செய்து பாருங்கள். விடைகளைக் கலைத்துவிடுங்கள்.

```python
y_kalai = np.random.permutation(y_train)
```

எந்த விமர்சனத்துக்கு எந்த விடை என்பதற்கு இப்போது எந்த அர்த்தமும் இல்லை. கற்றுக்கொள்ள உலகத்தில் எதுவுமே இல்லை. ஆனாலும் இதை வைத்து மாடலை ஓட்டினால் டிரெயினிங் லாஸ் இறங்கும். முதலில் மெதுவாக, பிறகு வேகமாக. டிரெயினிங் அக்யூரசி 50ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போகும். வேலிடேஷன் அக்யூரசி 50 சதவீதத்தைச் சுற்றியே நிற்கும். வேலிடேஷன் லாஸ் 0.693இல் ஆரம்பித்து மேலேதான் போகும். ஒரு எபாக்கூட உருப்படியாகக் கீழே வராது. 0.693 என்பது 2இன் இயல் மடக்கை, எல்லாவற்றுக்கும் 0.5 என்று சொல்லிக்கொண்டிருக்கும் மாடலின் லாஸ். கலைந்த விடைகளுக்கு அதைவிட நல்ல பதில் கிடையாது. இந்தப் படத்தில் நீங்கள் பார்ப்பது சுத்தமான ஓவர்ஃபிட், உண்மையான கற்றல் ஒரு துளிகூடக் கலக்காதது. நம்முடைய அசல் கோடு என்பது, உண்மையான கற்றலின் கோட்டையும் இந்தச் சுத்தமான ஓவர்ஃபிட்டின் கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்த மாதிரி. சியுவான் ஜாங் குழுவினர் 2017இல் வெளியிட்ட கட்டுரையில் இதையே பட மாடல்களில் செய்து காட்டினார்கள். சிஃபார்-10இன் 50,000 படங்களுக்கு விடைகளை இஷ்டத்துக்குப் போட்டும், மாடல் பயிற்சிப் பிழையைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டது.

அடுத்தது, ஜூனியர்கள் கேட்கும் அந்தக் கேள்வி. லாஸ் 0.28இலிருந்து 0.7க்கு ஏறும்போது அக்யூரசி ஏன் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது?

முந்தைய கணக்கில் 95 பேரின் தள்ளல் 4.75 என்று சொன்னேன், அவர்களை அங்கேயே விட்டுவிட்டோம். அவர்கள் எதற்காகத் தள்ளுகிறார்கள்? ஏற்கெனவே விடை சரிதானே? இந்த லாஸுக்கு அது போதாது. சரியான விடைக்கு 0.95 கொடுத்தால் லாஸ் 0.051. 0.99 கொடுத்தால் 0.010. 0.999 கொடுத்தால் 0.001. எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும் இன்னும் கொஞ்சம் உறுதியாகச் சொல் என்று கேட்டுக்கொண்டே இருக்கும், பூஜ்யத்தைத் தொடவே தொடாது. பயிற்சி விமர்சனங்கள் எல்லாம் சரியான பக்கம் வந்துவிட்ட பிறகு லாஸைக் குறைக்க மிகச் சுலபமான வழி, வெயிட்டுகளை அப்படியே பெரிதாக்குவது. சிக்மாய்டுக்குள் போகும் மதிப்பு 1.386 என்றால் வெளியே வருவது 0.8. அதே மதிப்பை 3.3 மடங்கு ஆக்கினால் வெளியே வருவது 0.99. விடை மாறவில்லை, உறுதி மட்டும் கூடிவிட்டது. டிரெயினிங் லாஸ் குறைந்துவிட்டது.

இதை வேலிடேஷன் பக்கம் கொண்டுவந்து பார்ப்போம். 100 வேலிடேஷன் விமர்சனங்கள், 88 சரி, 12 தப்பு. முதல் நிலையில் மாடல் எல்லாவற்றையும் 0.8 உறுதியோடு சொல்கிறது. சரியானவை ஒவ்வொன்றுக்கும் லாஸ் 0.223. தப்பானவற்றில் சரியான விடைக்குக் கிடைத்தது 0.2 மட்டுமே, ஆகவே ஒவ்வொன்றுக்கும் 1.609. சராசரி 0.39. இரண்டாவது நிலையில் வெயிட்டுகள் பெருத்து, எல்லாவற்றையும் 0.99 உறுதியோடு சொல்கிறது. ஒரு விடைகூட மாறவில்லை. சரியானவை ஒவ்வொன்றுக்கும் 0.010. தப்பான பன்னிரண்டுக்கும் தலா 4.605. சராசரி 0.56.

அக்யூரசி 88இலேயே நிற்கிறது, லாஸ் 0.39இலிருந்து 0.56க்கு ஏறிவிட்டது. ஏறியது முழுக்க அந்தப் பன்னிரண்டு விமர்சனங்களால். மாடல் அதிகமாகத் தப்புச் செய்யவில்லை. செய்யும் தப்பை முழு நிச்சயத்தோடு செய்கிறது. இதுவும் ஓவர்ஃபிட்தான். பயிற்சி டேட்டாவில் தான் ஒருபோதும் தப்பு செய்வதில்லை என்று பார்த்த மாடல், அந்தத் துணிச்சலை வெளியிலும் கொண்டுபோகிறது. வெளியே எட்டில் ஒன்று தப்பு என்பது அதற்குத் தெரியவே தெரியாது.

ஆகவே எந்தக் கோட்டைப் பார்த்து நிறுத்துவது என்பது, மாடலின் விடையை நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பாராட்டா திட்டா என்று வகைப்படுத்தி இரண்டு குவியலாகப் போட்டுவிட்டுப் போகிறீர்கள் என்றால் வேலிடேஷன் அக்யூரசியைப் பாருங்கள். நிகழ்தகவை நம்பி ஏதாவது முடிவு எடுக்கிறீர்கள் என்றால், அதாவது 0.9க்கு மேல் என்றால் தானாகப் போகட்டும், மற்றவற்றை மனிதர் பார்க்கட்டும் என்ற மாதிரி ஏற்பாடு என்றால், லாஸ் கோட்டைத் தவிர வேறு எதையும் நம்பாதீர்கள். மேலே சொன்ன இரண்டாவது நிலையில் அந்தப் பன்னிரண்டு தப்பும் 0.9ஐத் தாண்டித் தானாகப் போயிருக்கும்.

நிறுத்துவதற்கான வழி எல்லாருக்கும் தெரிந்ததுதான்:

```python
keras.callbacks.EarlyStopping(monitor="val_loss",
                              patience=3,
                              restore_best_weights=True)
```

இதில் கவனிக்க வேண்டியது கடைசி வரி. `patience=3` என்றால் மூன்று எபாக் முன்னேற்றம் இல்லாமல் போன பிறகே நிறுத்தும். அதற்குள் வெயிட்டுகள் அடிப்புள்ளியைத் தாண்டி மேலே ஏறியிருக்கும். `restore_best_weights` போடாவிட்டால், பொதுவாக உங்கள் கையில் கிடைப்பது மூன்று எபாக் கெட்டுப்போன மாடல். `patience`ஐ 0 ஆக வைப்பதும் சரிவராது; வேலிடேஷன் கோடு சில சமயம் ஒரு எபாக் ஏறிவிட்டு மறுபடி இறங்கும்.

சீக்கிரம் நிறுத்துவது தவிர, தற்செயலைப் பிடித்துக்கொள்ளும் வசதியையே குறைக்கலாம். பதினாறுக்குப் பதில் நான்கு யூனிட் என்று ஷொலே ஓட்டிக் காட்டுகிறார். வெயிட்டுகள் 40,029 ஆகக் குறைகின்றன. வேலிடேஷன் கோடு தாமதமாகத் திரும்புகிறது, திரும்பிய பிறகும் மெதுவாகவே ஏறுகிறது. எல்2 ரெகுலரைசேஷன் வெயிட் பெருப்பதற்கே விலை வைக்கிறது, ஆகவே அந்த 3.3 மடங்கு வித்தை இலவசமாகக் கிடைக்காது. கூடுதல் டேட்டா நேராக நாணயக் கணக்கைத் தாக்குகிறது: 20 தடவைக்குப் பதில் 200 தடவை சுண்டினால் முக்கால்வாசி ஒரே பக்கம் விழுவது நடக்கவே நடக்காத அளவுக்கு அபூர்வம். மூன்றில் எது முடியுமோ அதைச் செய்யலாம். முடிந்தால் டேட்டாவையே கூட்டுங்கள் என்பேன்.

இவ்வளவும் வேலிடேஷன் கோடு உண்மை பேசுகிறது என்ற நம்பிக்கையில் சொன்னவை. அது எப்போது பொய் சொல்லும் என்பதற்கும் இதே டேட்டாவில் நல்ல பாடம் இருக்கிறது. மாஸ் குழுவினர் டேட்டாவைப் பிரிக்கும்போது இரண்டு விதி வைத்தார்கள். ஒரு படத்துக்கு 30 விமர்சனத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. பயிற்சிப் பகுதியில் இருக்கும் படம் எதுவும் சோதனைப் பகுதியில் இருக்கக் கூடாது. ஏன் இந்தக் கண்டிப்பு? ஒரு படத்தை எல்லாரும் திட்டியிருந்தால், அதன் நாயகி பெயரைப் பார்த்தாலே மாடல் "திட்டு" என்று சொல்லக் கற்றுவிடும். அதே படத்தின் வேறு விமர்சனங்கள் சோதனையில் இருந்தால் அந்தக் குறுக்குவழிக்கும் மதிப்பெண் கிடைத்துவிடும்.

இப்போது நாம் செய்ததைப் பாருங்கள். பயிற்சிக்கான 25,000இலிருந்து 10,000ஐ வேலிடேஷனுக்கு எடுத்தோம். கெராஸ் தரும் டேட்டா ஏற்கெனவே கலைத்து வைத்தது. ஆகவே ஒரே படத்தின் விமர்சனங்கள் நம்முடைய 15,000இலும் 10,000இலும் பிரிந்து கிடக்கின்றன. படத்தின் பெயரை, நடிகரின் பெயரை மனப்பாடம் செய்வது நம் வேலிடேஷனில் ஓரளவு பலிக்கும், உண்மையான சோதனையில் பலிக்காது. பெயர்ச்சொல்லில் செய்த மனப்பாடத்தை நம் வேலிடேஷன் கோடு குறைத்தே காட்டும். இந்த டேட்டாவில் பாதிப்பு பெரிதில்லை. நாலு எபாக்கோடு நிறுத்தி, முழு 25,000ஐயும் வைத்துப் பயிற்றுவித்தால் சோதனையில் சுமார் 88 சதவீதம் வருகிறது என்று ஷொலே காட்டுகிறார், வேலிடேஷன் சொன்னதற்கு அருகில்தான். ஆனால் ஒரே நோயாளியின் பல எக்ஸ்ரே, ஒரே வாடிக்கையாளரின் பல பரிவர்த்தனை, ஒரே பேச்சாளரின் பல ஒலித்துண்டு என்று வரும் டேட்டாவை வரிவரியாகக் கலைத்துப் பிரித்தால், வேலிடேஷன் கோடு டிரெயினிங் கோட்டின் வாலைப் பிடித்துக்கொண்டே இறங்கும். திரும்பவே திரும்பாது. மாடல் பிரமாதம் என்று தோன்றும். நோயாளி வாரியாக, வாடிக்கையாளர் வாரியாகப் பிரித்துப் பாருங்கள், அப்போது தெரியும் உண்மை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இரண்டு கோட்டுக்கும் நடுவே இடைவெளி இருப்பது மட்டுமே நோய் ஆகாது. டிரெயினிங் 100, வேலிடேஷன் 88 என்று இருந்தால் "பன்னிரண்டு சதவீதம் ஓவர்ஃபிட்" என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். வெயிட்டுகள் மிக அதிகமாக உள்ள பெரிய மாடல்கள் பயிற்சி டேட்டாவை முழுக்க விழுங்கிய பிறகும் வெளியே நன்றாகச் செய்வதை 2019இல் மிகயில் பெல்கின் குழுவினர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. நீங்கள் பார்க்க வேண்டியது வேலிடேஷன் கோடு இறங்குகிறதா, நிற்கிறதா, ஏறுகிறதா என்பது. டிரெயினிங் கோட்டை மேலே தள்ளி இடைவெளியைக் குறைப்பது யாருக்கும் பயன்படாது.

அடுத்த தடவை உங்கள் மாடலில் `val_loss` ஏற ஆரம்பித்ததும், உடனே டிராப்அவுட்டைக் கூட்டிப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். வேலிடேஷனில் மாடல் தப்பாகச் சொன்னவற்றை எடுத்து, எதை மிக உறுதியாகத் தப்பாகச் சொன்னதோ அது மேலே வரும்படி அடுக்கி, முதல் ஐம்பதை உட்கார்ந்து படியுங்கள். சிலவற்றில் விடையே தப்பாகக் குறிக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் சொல் வரிசை தெரியாமல் யாராலும் சொல்ல முடியாத கேலி இருக்கும். சிலவற்றில் சம்பந்தமில்லாத ஒரு பெயர் மாடலை இழுத்துப் போயிருக்கும். முதல் வகைக்கு டேட்டாவைத் திருத்த வேண்டும், இரண்டாவதுக்கு வேறு மாடல் வேண்டும், மூன்றாவதுக்குத்தான் ரெகுலரைசேஷன். எந்த வகை அதிகம் என்பதைக் கோடு சொல்லாது, அந்த ஐம்பதைப் படித்தால்தான் தெரியும்.